கையைக் கழுவிட்டு வாங்க, சுகர் பார்த்துட்டுப் போங்க



"இலவச சர்க்கரை நோய் கண்டறியும் முகாம்" என்று ஒரு அறிவிப்பு உங்க ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தால் என்ன செய்வீங்க? கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி பக்கம் இருக்கிற எல்லோரையும் மனசில் வச்சுத்தான் கேட்கிறேன். நிறைய பேர் கட்டைவிரலால் மேலே தள்ளிட்டுப் போயிடுவாங்க. சிலர் அப்பா அம்மாவுக்கு அனுப்பி வைப்பாங்க. வேறு சிலர் பார்த்ததும் ஒரு நொடி நின்னு, "எனக்கு இருந்துட்டா?" என்று நினைச்சுட்டு, போனை அணைச்சு வச்சிடுவாங்க. இந்தப் பேச்சு முக்கியமா அந்த மூணாவது ஆளுக்கு.

அறிவிப்பு எழுதறது என் வேலை. அதனால் மற்றவங்க எழுதின அறிவிப்புகளையும் கவனிச்சுப் பார்ப்பேன். சர்க்கரை நோய் முகாம் என்றாலே கட்டுப்போட்ட ஒரு கால் படம், சிவப்பு எழுத்தில் "சத்தமில்லாமல் கொல்லும் நோய்" என்று ஒரு வரி, கீழே பொடி எழுத்தில் இடமும் நேரமும். படிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கு. மேலே இருக்கிற கால் படம் "தெரியாத வரைக்கும் நிம்மதி" என்ற எண்ணத்தைத்தான் வளர்க்கும். தேங்காய் பறிக்கக் கூப்பிடும்போது மரத்திலிருந்து விழுந்தவர் படத்தைக் காட்டினா யார் ஏறுவாங்க?

பயமுறுத்தாமல் பேசறது என்றால் உண்மையை மறைக்கிறது இல்லை. உண்மை இதுதான்: சர்க்கரை நோய் தொடங்கும்போது பெரும்பாலும் வலிக்காது. தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு எல்லாம் சர்க்கரை நன்றாக ஏறின பிறகு வருகிற அறிகுறிகள். அதற்கு முன்னாடி பல வருஷம் ஒண்ணும் தெரியாமலே இருக்கலாம். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் சுமார் 14 பேருக்கு சர்க்கரை நோய் இருக்கு. அதாவது ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால், ஒரு வீட்டிலாவது ஏற்கெனவே அந்த மாத்திரை அலமாரியில் இருக்கும். அவங்களும் தோட்டத்துக்குப் போறாங்க, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்றாங்க. இது புதுசாக வந்த விருந்தாளி இல்லை, நமக்குத் தெரிந்த ஆள்தான்.

முகாமில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிடறேன். தெரியாத இடத்துக்குத்தான் பயம் அதிகம்.

பெயரும் வயதும் பதிவு செய்வாங்க. தேசியத் திட்டப்படி 30 வயது தாண்டினவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். எடை பார்ப்பாங்க, சில இடங்களில் இடுப்புச் சுற்றளவும் அளப்பாங்க. ரத்த அழுத்தம் பார்ப்பாங்க. வீட்டில் அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கா, என்ன வேலை செய்யறீங்க என்று கேட்பாங்க. அப்புறம் விரல் நுனியில் ஒரு ஊசிக்குத்து. கடுகு அளவு ஒரு சொட்டு ரத்தம் போதும். அந்தச் சொட்டைச் சின்னப் பட்டையில் தொட்டதும் குளுக்கோமீட்டர் சில விநாடிகளில் ஒரு எண்ணைக் காட்டிடும். ஊசி ஒவ்வொருவருக்கும் புதுசாக இருக்க வேண்டும். உங்க கண் முன்னாடி பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை. செவிலியர் கோபப்பட மாட்டாங்க.

அவ்வளவுதான் முகாம். ஆனால் அந்த ஒரு எண்ணில்தான் எல்லாக் குழப்பமும் வருது. கம்பம் பள்ளத்தாக்குக்கு என்றே ஒரு தனிக் குழப்பமும் இருக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன்.

நம்ம பள்ளத்தாக்கு திராட்சை ஊர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி பக்கமெல்லாம் பந்தலுக்குக் கீழே நின்னு கொத்து வெட்டறதும், கெட்ட பழத்தைக் கத்தரிச்சு எடுக்கறதும், பெட்டியில் அடுக்கறதும் நாள் முழுக்க நடக்கிற வேலை. பழம் நசுங்கும், சாறு விரலில் ஒட்டும். அந்தச் சாறு முழுக்கச் சர்க்கரை. காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது, விரல் கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கும், அவ்வளவுதான். அந்த விரலில் குத்தி எடுக்கிற சொட்டில் உங்க ரத்தத்தின் சர்க்கரையோடு திராட்சையின் சர்க்கரையும் கலந்திடும். மீட்டருக்கு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

இது கதை இல்லை. 2011-ல் ஜப்பான் மருத்துவர்கள் இதைச் சோதித்து, டயபெடிஸ் கேர் என்ற மருத்துவ இதழில் எழுதினாங்க. சர்க்கரை நோய் இல்லாத ஆரோக்கியமானவங்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் சொல்லி, அதற்குப் பிறகு விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கை கழுவாமல் எடுத்தபோது மீட்டர் ரொம்ப அதிகமாகக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு எடுத்தபோதும் எண் கூடுதலாகவே வந்தது, ஐந்து முறை துடைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கை கழுவி எடுத்தபோதுதான் உண்மையான எண் வந்தது. ஸ்பிரிட் கிருமிக்கு, சர்க்கரைக்குத் தண்ணீர்தான் வேணும்.

இதை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். உத்தமபாளையம் பக்கம் ஒரு ஊரில் முகாம் என்று வச்சுக்குங்க. 46 வயசு அக்கா ஒருத்தங்க தோட்டத்திலிருந்து நேரே வர்றாங்க. காலையில் ஏழு மணிக்குப் பழம் வெட்ட ஆரம்பிச்சவங்க. செவிலியர் பஞ்சால் துடைச்சுட்டுக் குத்தறாங்க. மீட்டரில் 232. அக்கா முகம் வாடிப் போச்சு. பக்கத்தில் நிற்கிறவங்க "அய்யோ, இருநூறைத் தாண்டிருச்சா" என்கிறாங்க. இந்த இடத்தில் அனுபவமுள்ள செவிலியர் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டீங்க" என்று இருக்காது. "இப்ப என்ன வேலை செஞ்சுட்டு வர்றீங்க?" என்றுதான் கேட்பாங்க.

அக்கா சோப்புப் போட்டுக் கை கழுவி, நல்லா ஈரம் போகத் துடைச்சுட்டு வந்து, வேற விரலைக் காட்டறாங்க. இப்ப 158. முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி நாலு இட்லியும் சீனி போட்ட டீயும் சாப்பிட்டிருக்காங்க. 232 என்று எழுதியிருந்தால் அன்றைக்கே அவங்களை நோயாளி என்று வீடு முழுக்கச் சொல்லியிருக்கும். 158 என்றால் "வேறொரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு வாங்க" என்பதோடு முடியும். ரெண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு குவளைத் தண்ணீர்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கழுவின கை ஈரமாக இருந்தால் சொட்டு நீர்த்துப்போய் எண் குறைவாக வரும். அதனால்தான் நல்லா காய விடணும் என்கிறோம். சொட்டு வரவில்லை என்று விரலை ரொம்பப் பிழிந்தாலும் எண் சரியாக வராது. மேட்டிலிருந்து குளிரில் ஜீப்பில் வந்து இறங்கினவங்களுக்குக் கை சில்லுன்னு இருக்கும், ரத்தம் எளிதில் வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாலோ, கையைத் தொங்கப் போட்டு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தாலோ தானாக வரும்.

ஜீப் என்றதும் நினைவுக்கு வருது. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் போகிறவங்க விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடறாங்க, சாயங்காலம்தான் திரும்பறாங்க. காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒண்ணு வரைக்கும் முகாம் என்று போட்டால் அந்த நேரத்தில் ஊரில் இருக்கிறவங்க வேற ஆட்கள். உங்க தெருவில் தோட்டத்துக்குப் போறவங்க அதிகம் என்றால், சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ வைக்க முடியுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. நாலு பேர் சேர்ந்து கேட்டால் யோசிப்பாங்க. முகாமை விட்டுட்டாலும் கவலை இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் வேலை நாட்களில் பார்த்துக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறாங்க. முகாம் ஒரு வாசல்தான், ஒரே வாசல் இல்லை.

அடுத்தது சாப்பாடு. "வெறும் வயிற்றோடு வரணுமா?" என்று எல்லோரும் கேட்பாங்க. முகாமில் பெரும்பாலும் செய்கிற சோதனைக்குத் தேவையில்லை. எந்த நேரத்திலும் எடுக்கிற சோதனை அது. எப்போ, என்ன சாப்பிட்டீங்க என்று மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். வெறும் வயிற்றில்தான் பார்ப்போம் என்று அறிவிப்பில் தனியாகப் போட்டிருந்தால் மட்டும் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வாங்க. தண்ணீர் குடிக்கலாம். டீ குடிக்கக் கூடாது, சீனி இல்லாத டீயும்கூட.

ரெண்டு பேரிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்றேன். முகாமில் எண் நல்லா வரணும் என்று மூணு நாள் சோத்தைக் குறைச்சுட்டு வர்றவங்க ஒருத்தர். இது பரீட்சை இல்லை. நீங்க வழக்கமாகச் சாப்பிட்டு, வழக்கமாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவங்க இன்னொருத்தர். "மாத்திரை இல்லாம எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்" என்று அன்றைக்கு நிறுத்திட்டு வர்றது வேண்டாம். மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுட்டு, சாப்பிடாமல் வரிசையில் நிற்கறதும் வேண்டாம். சர்க்கரை திடீரென்று குறைந்து கை நடுங்கும், வேர்க்கும், மயக்கம் வரும். உங்களுக்கு நோய் இருப்பது ஏற்கெனவே தெரியும் என்பதால், முகாமில் இடத்தைத் தெரியாதவங்களுக்கு விட்டுட்டு, மாத்திரை அட்டையையும் பழைய நோட்டையும் எடுத்துட்டு வழக்கமான மருத்துவரிடம் போறதுதான் உங்களுக்குப் பயன்.

இப்போ எண்ணுக்கு வருவோம். நம்ம அக்காவுடைய 158-ஐ வச்சே பார்க்கலாம்.

சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுக்கிற சோதனையில் 140 தாண்டினால் "இன்னொரு முறை முறையாகப் பார்ப்போம்" என்று அனுப்புவாங்க. நோய் இருக்கு என்று அதற்கு அர்த்தம் இல்லை. மீட்டர்களுக்கென்று உலகத் தரம் ஒண்ணு இருக்கு. அதன்படி பார்த்தாலும் ஒரு மீட்டர் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்ட அனுமதி உண்டு. உண்மையான அளவு 150 என்றால், மீட்டர் 128 என்றும் காட்டலாம், 172 என்றும் காட்டலாம். ரெண்டும் மீட்டரின் கோளாறு இல்லை, அந்தக் கருவியின் எல்லை அது. யாரைத் திரும்பக் கூப்பிடணும் என்று சலிச்சு எடுக்கறதுக்குத்தான் முகாம் மீட்டர். முடிவு சொல்றது கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் பார்க்கிற சோதனை.

அக்கா ரெண்டு நாள் கழிச்சு வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர்றாங்க. கையில் ரத்தம் எடுக்கறாங்க. அப்புறம் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைச்சுக் கொடுக்கறாங்க. குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கணும். நடுவில் சாப்பிடவோ, நடந்து சுத்தவோ கூடாது. பலருக்கு இதுதான் சிரமம், கூலி போகுமே என்று பாதியில் எழுந்து போயிடறாங்க. வரும்போதே அரை நாள் விடுப்பு என்று மனசில் போட்டுட்டு வாங்க. சில இடங்களில் இதற்குப் பதிலாக ஹெச்பிஏ1சி என்ற சோதனை செய்வாங்க. அது கிட்டத்தட்ட மூணு மாதச் சராசரியைக் காட்டும், வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் ரத்தசோகை இருந்தால் அந்தச் சோதனை வழிதவறும், அதனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடறவங்க அதைச் சொல்லிடுங்க.

அக்காவுக்கு வெறும் வயிற்றில் 112, ரெண்டு மணி நேரம் கழித்து 164 என்று வருது என்று வச்சுக்குவோம். வெறும் வயிற்றில் 126-ம், குளுக்கோஸ் குடிச்ச பிறகு 200-ம் சர்க்கரை நோய்க்கான கோடுகள். அக்கா ரெண்டையும் தொடலை. ஆனால் ரெண்டாவது எண் 140-க்குக் கீழே இருந்திருக்கணும், அது இல்லை. இந்த நடு இடத்துக்குத்தான் "நோய்க்கு முந்தைய நிலை" என்று பெயர். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. ஆனால் சும்மா விட்டுட்டுப் போற இடமும் இல்லை.

ஒருவேளை கோட்டைத் தாண்டியிருந்தால்? அப்பவும் அறிகுறி ஒண்ணும் இல்லை என்றால், ஒரே ஒரு எண்ணை வச்சு முடிவு கட்ட மாட்டாங்க, இன்னொரு சோதனையிலும் அதேபோல வருதா என்று பார்த்துட்டுத்தான் சொல்வாங்க. உறுதியானால் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவத்தில் பதிவு செய்தவங்களுக்கு வீட்டுக்கே வந்து கொடுக்கிறாங்க.

நடு இடத்துக்கு ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன் என்றால், முகாமுக்கு வருவதில் நிஜமான லாபம் இங்கேதான் இருக்கு. இதற்கு ஆதாரம் வெளிநாட்டில் தேட வேண்டாம், சென்னையில் நடந்த ஆய்விலேயே இருக்கு. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவு தடுப்புத் திட்ட ஆய்வு அது. இந்த அக்கா மாதிரி நடு இடத்தில் இருந்த 531 பேரைச் சேர்த்தாங்க. ஒரு பகுதியினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பகுதியினருக்குச் சாப்பாட்டையும் நடையையும் பற்றித் தொடர்ந்து ஆலோசனை. மூணு வருஷத்தில், பொது அறிவுரை மட்டும் கேட்டவங்களில் நூறுக்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாடும் நடையும் மாத்தினவங்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

இந்த எண்களை நேர்மையாகப் படிக்கணும். "நடந்தால் வராது" என்று இது சொல்லவில்லை. மாத்தினவங்களிலும் 39 பேருக்கு வந்திருக்கு. ஆனால் நூறு பேரில் 16 பேர் அந்த மூணு வருஷத்தில் தப்பிச்சிருக்காங்க. அவங்களுக்குச் சொன்னதும் பெரிய விஷயம் இல்லை: சீனியையும் வெள்ளை மாவுச்சத்தையும் குறைக்கறது, எண்ணெயைப் பார்த்துச் சேர்க்கறது, தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கறது. ஏற்கெனவே உடலுழைப்பு செய்கிறவங்களை "புதுசா ஒண்ணும் வேணாம், அதையே தொடருங்க" என்றாங்க. கம்பம் பள்ளத்தாக்கில் வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்கிறவங்களுக்கு இது நல்ல சேதி. கடையில் உட்கார்ந்திருக்கிறவங்களும், ஜீப், ஆட்டோ ஓட்டுறவங்களும், என்னை மாதிரி கணினி முன்னாடி இருக்கிறவங்களும்தான் நடையைப் புதுசா தேடணும்.

சாப்பாடு என்றதும் அக்கா கேட்பாங்க, "நாங்க நெல்லு விளையற ஊரு, சோறு இல்லாம எப்படி?" முல்லைப்பெரியாறு பாய்ந்து இருபோகம் விளையற பூமியில் சோற்றை விடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டாங்க, சொல்லவும் தேவையில்லை. தட்டில் சோற்றின் இடத்தைக் குறைத்து, பொரியலும் கீரையும் பருப்பும் அந்த இடத்தைப் பிடிக்கணும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறவர் ஒவ்வொன்றிலும் ரெண்டு கரண்டி சீனி போட்டால், எட்டுக் கரண்டி. ராகிக்கூழ் குடிச்சா சர்க்கரை ஏறாது என்று நினைச்சு சொம்பு நிறையக் குடிக்கிறவங்களும் இருக்காங்க. ராகியும் மாவுச்சத்துதான், அளவு அங்கேயும் உண்டு. திராட்சை சாப்பிடலாமா என்றால், கொத்துக் கணக்கில் வேண்டாம், கை கொள்கிற அளவு பழமாகச் சாப்பிடலாம். ஜூஸாக வேண்டாம்.

எண் 140-க்குக் கீழே வந்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 118 என்று வந்தால் சந்தோஷம், ஆனால் அது அன்றைய கணக்கு. அடுத்த வருஷம் இதே நேரத்தில் மறுபடி ஒரு குத்து. அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்தாலும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரோ பெண்களுக்கு 80 சென்டிமீட்டரோ தாண்டினாலும், அந்த மறுமுறையைத் தள்ளிப் போடாதீங்க. கர்ப்பிணிகள் முகாம் வரிசையில் நிற்க வேண்டாம். அவங்களுக்குக் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கிற தனிச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யறாங்க, கோடும் வேறே.

முகாமில் எண்ணைச் சத்தமாக அறிவிக்கக் கூடாது என்பது என் கருத்து. சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால் போதும். யாராவது கத்திச் சொன்னால், "சீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்க. கல்யாணம் பேசிட்டிருக்கிற வீடு, கடன் கேட்டிருக்கிற வீடு என்று எத்தனையோ இருக்கும். அந்த எண் உங்களுடையது. அதேபோல, அரசு முகாமில் பதிவுக்கோ சோதனைக்கோ பணம் கிடையாது. "முன்பதிவுக்கு 50 ரூபாய்" என்று இணைப்பு வந்தால் அதைத் தொடாதீங்க, குழுவிலும் அனுப்பாதீங்க.

கடைசியாக, அறிவிப்பு. உங்க ஊரில் முகாம் வருது, குழுவில் நீங்கதான் போடப் போறீங்க என்றால், கீழே இருப்பதை அப்படியே எடுத்துக்கலாம். கோடிட்ட இடத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு நிரப்பிக்குங்க.

"நம்ம ஊரில் ______ கிழமை, ______ தேதி, ______ மணி முதல் ______ மணி வரை, ______ இடத்தில் சுகர் பார்க்கிறாங்க. 30 வயசு தாண்டின எல்லோரும் வரலாம். பணம் இல்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிஷ வேலை. சாப்பிட்டுட்டே வரலாம், எப்போ சாப்பிட்டீங்க என்று மட்டும் சொல்லுங்க. பழம், சீனி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சுட்டு வாங்க. எண் கூட இருந்தால் அது முடிவு இல்லை, இன்னொரு நாள் முறையாகப் பார்ப்பாங்க. மாத்திரை சாப்பிடறவங்க மாத்திரையை நிறுத்தாதீங்க. தோட்ட வேலைக்குப் போறவங்களுக்குச் சாயங்காலம் பார்ப்பாங்களா என்று கேட்க: ______."

இதில் கால் படமும் இல்லை, கொல்லும் நோயும் இல்லை. நாள், இடம், நேரம் முதல் வரியிலேயே இருக்கு, ஏனென்றால் படிக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். "கண்டறியும்", "பரிசோதனை" என்ற சொற்களுக்குப் பதிலாக "சுகர் பார்க்கிறாங்க" என்று போட்டிருக்கேன். நம்ம பக்கம் வீட்டில் அப்படித்தானே சொல்றோம். சீனி வியாதி என்று சொல்ற ஊராக இருந்தால் அப்படியே மாத்திக்குங்க. கை கழுவற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்திடாதீங்க. பழம் வெட்டற பருவத்தில் முகாம் என்றால், ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் முகாம் வாசலில் வைக்கணும் என்று ஏற்பாடு செய்கிறவங்களிடமும் சொல்லுங்க.

எழுத்து வாசிக்க முடியாத பெரியவங்களுக்கு இதையே உங்க குரலில் பதிவு செஞ்சு அனுப்பலாம். ஒரு நிமிஷத்துக்குள் முடியும். உங்க அத்தைக்கோ மாமாவுக்கோ பெயர் சொல்லி அனுப்பினால் நல்லது, பொதுவாக வருகிற செய்தியை யாரும் தனக்கென்று எடுத்துக்க மாட்டாங்க.

முகாம் எப்போ, எங்கே என்று தெரியவில்லை என்றால், அல்லது சீட்டில் வந்த எண்ணைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், 104 என்ற இலவச சுகாதார உதவி எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்கலாம். சீட்டைக் கையில் வச்சுட்டுப் பேசுங்க. எப்போ சாப்பிட்டீங்க, எப்போ எடுத்தது, கை கழுவினீங்களா, இந்த மூணையும் சேர்த்துச் சொன்னால் அவங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியும்.